ஊர் நேரத்திலேயே ஓடும் கடிகாரம்: அந்தச் சிறுகதையை நகர்த்துவது எப்படி?

கேள்வி: வெளிநாடு போகும் ஒருவர் பயணம் முழுக்கத் தன் கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே வைத்திருக்கிறார். இதை வைத்து ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் இந்தியாவிலிருந்து லண்டன் போய்த் தங்கை வீட்டில் தங்குகிறார், மனைவி ஊரில் நர்ஸ். நாலு பக்கம் தாண்டியதும் கடிகாரம் வெறும் குறியீடாக நின்றுவிடுகிறது, கதை நகர மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

கதை நகராததற்குக் காரணம் எளிது. அவர் கடிகாரத்தை மாற்றவில்லை என்பது ஒரு செயல் இல்லை, ஒரு நிலை. முதல் பக்கத்திலேயே அது முடிந்துபோகிறது. அதற்கு மேல் அவர் எத்தனை தடவை மணிக்கட்டைப் பார்த்தாலும் வாசகருக்குக் கிடைப்பது ஒரே செய்திதான்: மனுஷனுக்கு ஊர் நினைப்பு. இதை மூன்று தடவை சொன்னால் சலிக்கும்.

மாற்ற மறுப்பதை விட்டுவிட்டு, அவர் போடும் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர் நேரத்தைக் கட்டிக்கொண்டு அந்நிய ஊரில் வாழ்கிறவர் நாள் முழுக்கக் கழித்துக்கொண்டேயிருக்க வேண்டும். பஸ்ஸுக்குப் போக, கடை மூடும் முன் போக, தங்கை வேலை விட்டு வரும் நேரம் தெரிய, எல்லாவற்றுக்கும் கழித்தல். செப்டம்பரில் லண்டன் இந்திய நேரத்துக்கு நாலரை மணி நேரம் பின்னால். நாலரையை யாரும் அப்படியே கழிப்பதில்லை. ஐந்தைக் கழித்து அரையைக் கூட்டுவார்கள். வாட்ச்சில் பன்னிரண்டரை என்றால் ஏழரை, அரை சேர்த்தால் எட்டு. தெருமுனையில் நின்று உதட்டை லேசாக அசைத்து இதைப் போடும் ஒரு ஆளைக் காட்டினால், ஊர் நினைப்பு என்ற சொல்லே கதைக்கு வேண்டாம்.

கணக்கு என்று வந்துவிட்டால் அது தப்பவும் வேண்டும். எங்கே தப்பும் என்பதுதான் கதை. இரண்டு இடத்தில் தப்பலாம். ஒன்று, போன நாட்டில் நேரமே மாறிப்போவது. இன்னொன்று, கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருக்க, ஊரில் வாழ்க்கை இடம் மாறிவிடுவது. முதலாவது தப்பு இரண்டாவதைக் கண்டுபிடிக்க வைக்கும்படி அமைத்தால் உங்கள் கதை தானாக ஓடும் என்று நினைக்கிறேன். லண்டனைத் தேர்ந்தெடுத்தது தெரிந்தோ தெரியாமலோ நல்ல தேர்வு, ஏனென்றால் இரண்டுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். "ஒரு இலையுதிர் காலம்" போதாது. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரங்களை ஒரு மணிக்குத் திருப்பி வைக்கிறார்கள். 2025-இல் அது அக்டோபர் 26. இந்தியாவில் இந்த வழக்கம் இல்லை. ஆக அன்றிரவு தூங்கி எழுந்திருக்கும்போது வித்தியாசம் நாலரையிலிருந்து ஐந்தரையாகியிருக்கும், உங்கள் ஆளின் வாட்ச்சில் ஒரு முள்கூட அசையாமல். பயணத்தைச் செப்டம்பர் நடுவில் ஆரம்பித்து அக்டோபர் இறுதி வரை நீட்டுங்கள். ஆறு வாரம். செப்டம்பர் ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மார்ச் கடைசி ஞாயிறை வைத்தால் என்ன என்று தோன்றும். அப்போது ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், கணக்கு மாறாத ஆள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பார், எதையாவது தவறவிடுவார். கொஞ்சம் விறுவிறுப்பு வரும். ஆனால் ரயிலைத் தவறவிடுவது எந்தக் கதையிலும் நடக்கும். அக்டோபரில் அவருக்குக் கிடைப்பது யாரும் எதிர்பார்க்காத ஒரு மணி நேரம், கையில் செய்ய வேலை இல்லாமல். அது இந்தக் கதைக்கு மட்டும் உரியது. நான் அக்டோபரைத்தான் எடுப்பேன்.

அப்புறம், செல்போன். இன்றைய வாசகர் முதலில் கேட்பது அதுதான்: போன் தானாக நேரம் மாற்றிக்கொள்ளுமே? இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் மூன்றாம் பக்கத்திலேயே ஆளை இழப்பீர்கள். அவர் போனிலும் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு ஊர் நேரத்தை வைத்திருக்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். தங்கை கணவர் கிண்டல் செய்யும் வாக்கியமாக அது வந்தால் இன்னும் நல்லது. கண்டத்தைத் தாண்டியும் பிடிவாதம் பிடிக்கிறவர் பாதிப் பிடிவாதம் பிடிக்க மாட்டார்.

இனி வாட்ச். அது எப்படிப்பட்ட வாட்ச் என்று நீங்கள் சொல்லவில்லை. முள் வைத்த, தேதிக் கட்டம் உள்ள, பேட்டரியில் ஓடும் சாதாரண வாட்ச்சாக வையுங்கள். தேதிக் கட்டம் முக்கியம். ஊரில் நள்ளிரவு என்பது செப்டம்பர் லண்டனில் மாலை ஏழரை. இவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் அவர் கையில் நாளை பிறந்துவிடும். பல வாட்ச்களில் தேதி டக்கென்று மாறாது. ஊரின் பத்து பதினொன்று மணி வாக்கில் மெல்ல நகரத் தொடங்கும், கொஞ்ச நேரம் கட்டத்துக்குள் இரண்டு எண்களின் பாதிகள் சேர்ந்து தெரியும். இந்தப் பாதி எண்களைக் காட்டுங்கள், அதன் அர்த்தத்தைச் சொல்லாதீர்கள்.

செப்டம்பர் ஏன் என்றால், அதற்கு முப்பது நாள். சாதாரண வாட்ச்சுக்கு அது தெரியாது, முப்பதுக்கு அடுத்து 31 என்று காட்டும். அதைத் திருத்த வேண்டுமானால் பக்கத்திலிருக்கும் சாவியை இழுத்தே ஆக வேண்டும். ஒரு சொடுக்கு இழுத்துத் திருப்பினால் தேதி மாறும். இரண்டாவது சொடுக்கு இழுத்தால் விநாடி முள் நின்று, முட்கள் கைக்கு வரும். பயணம் முழுக்க அந்தச் சாவியைத் தொடாதவர் தொடும் ஒரே இடம் இது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, அதாவது தேதிப் பல்சக்கரம் பிடித்திருக்கும் நேரத்தில், சாவியால் தேதியைத் திருப்பக் கூடாது, பல் கெடும் என்று வாட்ச் கடைக்காரர்கள் எச்சரிப்பார்கள். அவர் காத்திருக்க வேண்டும். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"கட்டத்தில் 31 வந்து நின்றது. இல்லாத தேதி. அவர் தட்டை நகர்த்திவிட்டுக் கையை மேசைமேல் வைத்துக்கொண்டார். ஒரு மணி ஆகட்டும். தங்கை பாத்திரங்களை எடுத்தாள், மாப்பிள்ளை செய்தி பார்த்தார், வெளியே கடை ஷட்டர்கூட இன்னும் இறங்கவில்லை. வாட்ச்சில் ஒன்று ஐந்துக்கு நகத்தால் சாவியை இழுத்தார். ஒரு சொடுக்கு. மெல்லத் திருப்பினார், 1 வந்தது. விரல் அங்கேயே இருந்தது. இன்னும் ஒரு சொடுக்குத்தான். உள்ளே அழுத்தினார்."

கவனியுங்கள், இதில் லண்டன் நேரத்தை எண்ணாகச் சொல்லவே இல்லை. இந்தக் கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் அது. "வாட்ச்சில் இரவு எட்டு, அதாவது லண்டனில் பிற்பகல் மூன்றரை" என்று ஒரு பக்கத்துக்கு இரண்டு தடவை வந்தால் வாசகர் கதையை விட்டுவிட்டுக் கணக்கில் உட்கார்ந்துவிடுவார். ஒரு காட்சிக்கு ஒரு எண் போதும், அது வாட்ச்சின் எண்ணாக இருக்கட்டும். உள்ளூர் நேரத்தை வெளிச்சம், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், கடை ஷட்டர், இவை சொல்லட்டும். உங்களுக்கு மட்டும் ஒரு தாளில் நெடுக்காகக் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: வாட்ச் நேரம், லண்டன் நேரம், அந்த நிமிடம் மனைவி எங்கே இருக்கிறாள். மூன்றாவது பத்தியை நிரப்பாமல் எந்தக் காட்சியையும் எழுத உட்காராதீர்கள். அவர் மணிக்கட்டைப் பார்க்கும்போது அவருக்குத் தெரிவது மணி அல்ல, அந்த மூன்றாவது பத்தி.

அதை நிரப்புவோம். மனைவிக்குக் காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை டூட்டி. வாட்ச்சில் ஏழு என்றால் அவள் வார்டில் நுழைகிறாள். பத்துக்கு மருந்து வண்டி. இரண்டுக்குக் கிளம்புகிறாள். இவர் தினமும் அழைப்பது ஊர் நேரம் இரவு எட்டுக்கு. இத்தனையும் முதல் இரண்டு பக்கத்தில் வாசகர் மனதில் ஏறிவிட வேண்டும், அவரைப் போலவே வாசகரும் மணியைக் கேட்டதும் அவளை எங்கே தேடுவது என்று பழகிவிட வேண்டும்.

இப்போது இரண்டு விதைகள். முதலாவது, தலைகீழ் வாட்ச். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே போய்வருகிறவர்கள் பலருக்குத் தெரிந்த வித்தை இது: இந்திய நேரத்தில் ஓடும் முள் வாட்ச்சைத் தலைகீழாகப் பிடித்தால் பிரிட்டன் நேரம் தெரியும். வித்தியாசம் ஐந்தரை மணி நேரம் என்பதால் இது நடக்கிறது. பெரிய முள் அச்சாகப் பொருந்தும், சின்ன முள் மட்டும் அரை எண் பின்தங்கி நிற்கும், ஆனாலும் கண்ணுக்குப் போதும். பன்னிரண்டரையைத் தலைகீழாக்கினால் ஏழு மாதிரி தெரியும். ஆனால் இது குளிர்காலத்தில் மட்டும். செப்டம்பரில் பார்த்தால் ஒரு மணி நேரம் குறைவாகக் காட்டும்.

இதை முதல் வாரத்திலேயே தங்கை கணவர் வாயில் போடுங்கள்.

"மச்சான், வாட்ச்சைத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்க. எங்க நேரம் தெரியும்."

"ஒரு மணி நேரம் இடிக்குதே மாப்பிள்ளை."

"ஆமா, அது குளிர்காலத்துக்கு. இப்போ வேலை செய்யாது."

அவ்வளவுதான். எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போகட்டும். நேரம் மாறப்போகிறது என்ற தகவலை வாசகர் காதில் போட்டாயிற்று, அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு மறந்துவிடுவார். உங்கள் ஆளும்தான்.

இரண்டாவது விதை இன்னும் மெல்லியது. அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து எட்டு மணி அழைப்பில் மனைவியின் குரலுக்குப் பின்னால் ஹாரன் சத்தம் கேட்கிறது. டி.வி. சத்தம் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். இரண்டு அழைப்பில் வந்தால் போதும், மூன்றாவது தடவை வந்தால் வாசகர் உஷாராகிவிடுவார்.

அந்த ஞாயிறு. காலை எட்டுக்கு ஒரு சுற்றுலா பஸ்ஸில் போக அவர் பெயர் கொடுத்திருக்கிறார். வீட்டில் யாரையும் எழுப்பாமல் கிளம்புகிறார், வாட்ச்சில் பன்னிரண்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். போய் நிற்கிறார். கதவு பூட்டியிருக்கிறது, பஸ் இல்லை, ஆள் இல்லை. மணி எட்டு என்று அவர் நினைக்கிறார், லண்டனில் ஏழுதான் ஆகிறது.

இங்கே ஒரு சந்தேகம் வரும்: வெளிச்சத்தைப் பார்த்தே தெரிந்திருக்காதா? தெரியாது. சூரியன் நேற்று வாட்ச்சில் பன்னிரண்டரைக்கு எங்கே இருந்ததோ ஏறக்குறைய அங்கேதான் இன்றும் இருக்கிறது. மாற்றி வைத்தது மனிதர்கள் கடிகாரங்களை மட்டும். அவர் வாட்ச்சும் வானமும் ஒரு கட்சி, ஊர் முழுக்க இன்னொரு கட்சி. இதை எழுதும்போது அவரை முட்டாளாக்காதீர்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதனால்தான் தான் தப்பு என்று தோன்ற அவருக்கு இவ்வளவு நேரம் ஆகிறது. முதலில் பஸ்காரர்களைத் திட்டட்டும், சீட்டை எடுத்துத் தேதியைச் சரிபார்க்கட்டும், தெருவின் மறுமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். நாயோடு நடக்கும் யாரோ ஒருவர் "இன்று நேரம் மாறிவிட்டதே" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொன்னபிறகுதான் நிஜமான காட்சி தொடங்குகிறது: ஒரு மணி நேரம் இருக்கிறது, அதில் என்ன செய்வது?

அவர் மனைவியை அழைக்கிறார். எடுப்பாள் என்று இல்லை. ஊரில் பன்னிரண்டரை, அவள் வார்டில் இருப்பாள், போன் அலமாரிக்குள் இருக்கும். மணி அடிக்கட்டும், பிறகு தவறிய அழைப்பைப் பார்ப்பாள் என்றுதான் அடிக்கிறார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுகிறாள். தூக்கக் குரல்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"நீ டூட்டில இல்லையா?"

"நைட்டு முடிச்சிட்டுக் காலையிலதான் வந்தேன்."

"நைட்டா? எப்போலேருந்து?"

"ரெண்டு வாரமாச்சு. சொன்னா அதுக்கும் ஒரு கணக்கு போட்டு ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பீங்க. சொல்லல."

எட்டு மணி அழைப்பெல்லாம் அவள் நைட் டூட்டிக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றபோது எடுத்தது. ஹாரன் சத்தம் அது. இதைக் கதையில் விளக்காதீர்கள். விதை சரியாக விழுந்திருந்தால் "நைட்டு" என்ற சொல்லிலேயே வாசகருக்கு எட்டிவிடும். இரண்டு வாரமாக அவர் காலை ஏழுக்கு வார்டுக்குள் அனுப்பியது இல்லாத ஒரு மனைவியை. அவள் அப்போது வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். வாட்ச் ஒரு விநாடிகூடத் தப்பவில்லை, மூன்றாவது பத்திதான் பழையதாகிப்போயிருந்தது.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வருகிறது. கப்பல்களில் கிரீன்விச் நேரத்தில் ஓடும் ஒரு கடிகாரத்தைக் கொண்டுபோவார்கள், கடலில் அதைத் திருத்த மாட்டார்கள், எவ்வளவு பிசகுகிறது என்று குறிப்பேட்டில் மட்டும் எழுதிக்கொள்வார்கள். கப்பல் இருக்கும் இடத்தின் நேரத்தைச் சூரியனை வைத்துக் கண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மணிக்குப் பதினைந்து பாகை என்று தீர்க்கரேகையாக்குவார்கள். ஜான் ஹாரிசன் செய்த அப்படி ஒரு கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குச் சோதனைக்குப் போனது. அவர்கள் வீட்டு நேரத்தைச் சுமந்தது தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள. உங்கள் ஆள் அதே கணக்கைத் திருப்பிப் போடுகிறார், அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள. கதைக்குள் இதைக் கொண்டுவர வேண்டாம், கட்டுரை வாடை அடிக்கும். எழுதும்போது உங்கள் தலையில் இருந்தால் போதும்.

வேறு நாடு யோசித்தால் கதையே வேறாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இந்தியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேரம். அங்கே காலை ஒன்பது என்றால் இவர் வாட்ச்சில் ஒன்பதரை, ஆனால் இரவு ஒன்பதரை. பன்னிரண்டு மணி முகத்தில் இரவு பகல் தெரியாததால், வாட்ச் அரை மணி வேகமாக ஓடுகிறது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நல்ல நகைச்சுவைக் கதைக்கு இடம் உண்டு, ஆனால் உங்கள் கதைக்கு அது வேண்டாம். அவருக்குக் கழிக்கவே வேலை இருக்காது. இலங்கைக்கு அனுப்பினால் கதையே இல்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

முடிவு பற்றி. உங்கள் கை தானாகப் போகும் இடம், அவர் கடைசியில் இரண்டாவது சொடுக்கையும் இழுத்து நேரத்தை மாற்றுவது. செய்யாதீர்கள். அவர் பாடம் கற்றுக்கொண்டார் என்று அது சொல்லிவிடும், கற்றுக்கொள்ள இங்கே பாடம் எதுவும் இல்லை. இன்னொரு ஆசையும் வரும்: வாட்ச்சைத் தலைகீழாகப் பிடிக்கிறார், ஏழு என்று சரியாகத் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கல். கடைசி வரியில் வைத்தால் கதை ஒரு வித்தையாகச் சுருங்கிவிடும். அதை முன்னுக்குத் தள்ளுங்கள். நாய்க்காரர் சொல்லிவிட்டுப் போனதும், நம்பாமல், ஒருதரம் திருப்பிப் பார்க்கட்டும், சரியாக இருக்கட்டும், கையைக் கீழே போடட்டும். அழைப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

அழைப்புக்குப் பின் நான் எழுதுவது இவ்வளவுதான்: அவள் "தூங்கவா?" என்று கேட்கிறாள், அவர் "தூங்கு" என்கிறார். வைத்தபிறகு புதுக் கணக்கைப் போட ஆரம்பிக்கிறார். ஐந்தைக் கழித்து, இனி அரையைக் கூட்டக் கூடாது, அதையும் கழிக்க வேண்டும். அவள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், எத்தனை மணிக்குக் கிளம்புவாள், அப்போது இங்கே எவ்வளவு. நடுவில் பஸ் வந்துவிடலாம், மற்றவர்கள் ஏறத் தொடங்கலாம். கணக்கு முடிய வேண்டும் என்ற அவசியமில்லை.

கடைசியாக அளவு. இத்தனையையும் பத்துப் பக்கத்துக்குள் அடக்கலாம், விமான நிலையத்தை வெட்டினால். நாலு பக்கத்தில் மாட்டிக்கொண்டேன் என்கிறீர்கள், அதில் பாதியாவது வழியனுப்புதல், விமானம், "உள்ளூர் நேரம் இப்போது" என்ற அறிவிப்பு, அவர் சாவியைத் தொடாமல் விடுவது, இப்படித்தான் போயிருக்கும் என்று ஊகிக்கிறேன். அவ்வளவும் தேவையில்லை. தங்கை வீட்டு மேசையில், தேதிக் கட்டத்தில் பாதி எண்கள் தெரியும் மாலையில் கதையைத் தொடங்குங்கள். மிச்சமாகும் பக்கங்களைப் பூட்டிய கதவுக்கு முன்னாலிருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுங்கள்.